ஏப்ரல் முதல் வாரத்தில் வராத அளவுகள்: உடன் வேலை செய்பவரிடம் குறை சொல்லாமல் கேட்டு வாங்குவது எப்படி

தொண்டு நிறுவனத்தில் புதிதாக அறிக்கை எழுதும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் முதல் ஏப்ரல் மாதம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது சமூகப் பொறுப்புக்காக அது ஒதுக்கும் பணத்தில், நடந்த திட்டத்துக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். நடந்த வேலையை விவரிக்கும் பகுதியை நீங்கள் எழுதிவிட்டீர்கள், கணக்கர் செலவுப் பட்டியலைப் பாதி முடித்துவிட்டார், களத்திலிருந்து வரவேண்டியது மட்டும் வரவில்லை. களத்தில் இருப்பவர் உங்களைவிடப் பத்து வயது மூத்தவர், ஊருக்கெல்லாம் தெரிந்தவர். அவரிடம் எப்படிக் கேட்பது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். பொதுவாகச் சொன்னால் எல்லாம் சுலபமாகத் தெரியும் என்பதால், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஐந்து ஊருணிகளைத் தூர்வாரிய ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, தாமதமான ஒரு தகவலை எப்படிக் கேட்டு வாங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் தொகைகளையும் அளவுகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில் உங்களிடம் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சேர்ந்த புதிதில் நான் ஓர் அக்காவிடம் பயனாளிகள் பட்டியலை மூன்று நாள் தொடர்ந்து கேட்டேன். மூன்றாம் நாள் அவர் எதுவும் பேசாமல் வாட்ஸ்அப்பில் பழைய செய்தி ஒன்றை மேலே இழுத்துக் காட்டினார். நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து ஒரு வாரம் முன்பே அனுப்பியிருக்கிறார். நான் எக்செல் கோப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் போட்டோக்களைக் கவனிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவரிடம் எதைக் கேட்டாலும் 'நல்லா தேடிப் பாத்தியா?' என்ற கேள்வியோடுதான் பதில் வந்தது. அந்த நம்பிக்கை திரும்பி வர ஒரு வருடம் ஆனது.

களத்தில் இருப்பவர்கள் தகவலை அனுப்பும் இடங்கள் நாலைந்துதான். உங்களுக்கு வரும் தனிச் செய்தி, திட்டத்தின் வாட்ஸ்அப் குழு, மேலாளருக்குப் போன மின்னஞ்சல், கணக்கரிடம் நேரில் கொடுத்த காகிதம், சில நேரம் அலுவலகத்துக்கு வந்த வேறொருவர் கையில் கொடுத்துவிட்ட கவர். இத்தனையிலும் பார்த்துவிட்டுத்தான் 'வரவில்லை' என்று நீங்கள் சொல்லலாம். கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்பது மிக முக்கியம், ஏனென்றால் பில்கள் பெரும்பாலும் நேராக அவரிடம் போய்விடும்.

'டேட்டா' என்று கேட்காதீர்கள், எது வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்

எங்கள் திட்டத்தில் ஐந்து ஊருணிகளில் மூன்றுக்கு எல்லாமே வந்துவிட்டது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் வரவில்லை. ஆனால் 'ரெண்டு ஊருணி டேட்டா வரல' என்பதும் மூட்டையாகக் கேட்பதுதான். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது வேண்டியது மூன்றே மூன்று விஷயம். ஒன்று, தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நீள அகல ஆழம். இரண்டு, ஜேசிபி ஓடிய மணிக்கணக்கும் அதற்கான பில்லும். மூன்று, இடமும் தேதியும் பதிந்த போட்டோக்கள், ஊருணிக்கு இரண்டு போதும்.

இப்படிப் பிரிப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் உண்மையில் சிக்கிக்கொண்டிருக்கும், மற்ற இரண்டும் அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு சும்மா கிடக்கும். கொடுப்பவருக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம். 'அளவு மட்டும் இருந்தாலே எனக்குப் போதும், பில் அப்புறம் வரட்டும்' என்று நீங்கள் சொன்னால்தான் பிரித்து அனுப்பலாம் என்பதே அவருக்குத் தெரியும்.

எந்த வடிவத்தில் வந்தாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். அளவு நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நீங்கள் தட்டச்சு செய்துகொள்ளலாம். பைக்கில் நாற்பது கிலோமீட்டர் சுற்றுகிறவரை இரவு உட்கார்ந்து எக்செல் கட்டங்களை நிரப்பச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

நாள் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கி எண்ணுங்கள்

'5ஆம் தேதிக்குள் வேண்டும்' என்று அலுவலகத்தில் சொன்னார்கள், நீங்களும் அதையே களத்துக்குச் சொன்னீர்கள். அந்த 5ஆம் தேதி ஏன் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், கேட்கிறவருக்கு அது ஏசி அறையில் யாரோ போட்ட தேதி, அவ்வளவுதான். அதனால் முதலில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து நடக்கும் சிஎஸ்ஆர் திட்டத்தில் அந்த வருடம் செலவாகாமல் நிற்கும் பணத்தை, நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், கம்பெனி தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் கம்பெனிக்கு அபராதம், போட்டிருக்க வேண்டிய தொகையின் இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது. இதில் பலர் கவனிக்காத ஒன்று, கம்பெனி நமக்குப் பணம் அனுப்பிவிட்டதாலேயே அது செலவானதாக ஆகிவிடாது. நாம் அதைக் களத்தில் செலவழித்திருக்க வேண்டும். அப்படிச் செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அவர் எதை வைத்துச் சான்று கொடுப்பார்? பணம் திட்டத்துக்கே செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு நாம் அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழையும், நம் அறிக்கையையும் வைத்துத்தான்.

இப்போது பின்னாலிருந்து வருவோம். ஏப்ரல் 30க்குள் பணம் மாற வேண்டுமென்றால் கம்பெனிக்கு உள்ளே பார்த்து, கேள்வி கேட்டு, கையெழுத்தாக ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். அதனால் அவர்கள் எங்களிடம் கேட்ட தேதி 17. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள், அன்று ஆடிட்டர் அலுவலகம் இருக்காது. அவர் சான்றிதழில் கையெழுத்துப் போட மூன்று நாளாவது கேட்பார், நம்மைப் போல இன்னும் எத்தனையோ பேர் அந்த மாதம் அவர் வாசலில் நிற்பார்கள். ஆக ஆடிட்டர் கைக்கு 10ஆம் தேதி போக வேண்டும். அதற்கு முன் கணக்கர் பில்களைப் பதிந்து, வங்கிக் கணக்கோடு சரிபார்த்து முடிக்க 8, 9 ஆகிவிடும். கணக்கருக்குக் களத் தாள்கள் கிடைக்க வேண்டிய நாள் 5, தப்பினால் 6. இதைவிடத் தள்ளினால் ஆடிட்டரின் வரிசையில் நம் இடம் போய்விடும்.

இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே எந்தத் தேதி நெகிழும், எது நெகிழாது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு 5 நெகிழும், 6 மாலை நெகிழாது. போட்டோக்கள் 12 வரைகூட வரலாம், ஏனென்றால் அவை ஆடிட்டருக்குத் தேவையில்லை, அறிக்கைக்கு மட்டும்தான்.

பொய்த் தேதி சொல்லாதீர்கள். 6 வேண்டும் என்பதற்காக 2 என்று சொல்லும் பழக்கம் நிறைய அலுவலகங்களில் இருக்கிறது. முதல் தடவை பலிக்கும். 2ஆம் தேதி தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் பார்த்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையான தேதியும் அவருக்கு நாலு நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும்.

முதல் செய்தி

தனிச் செய்தியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். என் செய்தி இப்படி இருந்தது:

'அண்ணே, வணக்கம். ஊருணி அறிக்கையில மூணு ஊருணி முடிச்சிட்டேன், நீங்க அனுப்பின அளவெல்லாம் சரியா இருந்துச்சு. நாலாவது, அஞ்சாவது ஊருணிக்கு மூணு விஷயம் வரவேண்டியிருக்கு: முன்-பின் அளவு, ஜேசிபி மணிக்கணக்கு-பில், போட்டோ. அளவும் பில்லும் 6ஆம் தேதி சாயங்காலத்துக்குள்ள கணக்கர் கைக்குப் போனா 10ஆம் தேதி ஆடிட்டர்ட்ட கொடுத்துடலாம். போட்டோ 12 வரைக்கும் பரவால்ல. நோட்டுப் பக்கத்த அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினா போதும், நான் டைப் பண்ணிக்கிறேன். எதுலயாவது நிக்குதுன்னா சொல்லுங்க, சாயங்காலம் கூப்பிடுறேன்.'

இதில் வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நீங்க இன்னும் அனுப்பல' என்று நான் எழுதவில்லை, 'வரவேண்டியிருக்கு' என்று எழுதினேன். தமிழில் இந்த வசதி நமக்கு இருக்கிறது. 'அனுப்பல' என்றால் அனுப்பாதவர் ஒருவர் இருக்கிறார், 'வரல' என்றால் வராத பொருள்தான் இருக்கிறது. 'இன்னும்' என்ற சொல்லை முடிந்தவரை எடுத்துவிடுங்கள். 'இன்னும் வரலையா?' என்பதில் உள்ள அந்த 'இன்னும்' ஒன்றே போதும், படிப்பவர் முகம் மாறிவிடும். 'ஏன்' என்று கேட்டாலும் அதே கதைதான், காரணம் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மனிதருக்குத் தோன்றும். 'எதுல நிக்குது?' என்று கேட்டால் அவர் வேலையைப் பார்த்துப் பதில் சொல்வார்.

'கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க', 'முடிஞ்சா பாருங்க' மாதிரியானவை மரியாதையாகத் தெரியும், ஆனால் அவற்றில் நாளும் இல்லை, பொருளும் இல்லை. மூத்தவரிடம் நேரம் குறித்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று புதியவர்கள் பலர் தயங்குகிறார்கள். 'அண்ணே' என்று அழைத்து, 'நீங்க' என்று பேசி, என்ன, எப்போது, எதற்கு என்று தெளிவாகச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. மழுப்பலாகக் கேட்டுவிட்டுக் கடைசி நாளில் பதறுவதுதான் அவருக்குச் சங்கடத்தைக் கொடுக்கும்.

போன்

செய்திக்கு வந்த பதில்: 'அனுப்பிடுறேன் தம்பி.'

இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. 'அனுப்பிடுறேன்', 'பாத்துக்கலாம்', 'முடிச்சிடலாம்' எல்லாம் நல்ல மனசோடு சொல்லப்படுபவைதான், ஆனால் அவற்றில் நேரம் கிடையாது. நேரம் இல்லாத சம்மதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும், அதை எழுத்தில் சொல்ல அவருக்கு விருப்பம் இருக்காது. அதனால் கூப்பிட வேண்டும்.

எப்போது கூப்பிடுவது என்பதும் முக்கியம். காலை பதினொரு மணிக்கு அவர் பைக்கில் இருப்பார், இல்லையென்றால் பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நாலு பேர் பக்கத்தில் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து வரும் போன் அவருக்குக் கேட்பதைவிடச் சுற்றி இருப்பவர்களுக்குத்தான் அதிகம் கேட்கும். நான் மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் 'இப்ப பேசலாமாண்ணே?' என்று கேட்டுவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தேன்.

'அளவு, பில், போட்டோ மூணுல எதுண்ணே நிக்குது?'

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: 'அளவெல்லாம் நோட்டுல இருக்கு தம்பி. ஜேசிபிக்காரர்ட்டதான் ஒரு சின்ன தகராறு. நாலாவது ஊருணிக்கு அவரு 48 மணி நேரம்ங்கிறாரு, என் நோட்டுல 44தான் இருக்கு. அத முடிக்காம எப்படிக் கொடுக்கிறது? அதான் எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்துடலாம்னு வச்சிருக்கேன்.'

இதுதான் விஷயம். மணிக்கு 1,300 ரூபாய் என்று பேசியிருந்தார்கள், நான்கு மணி நேரத்துக்கு 5,200 ரூபாய். இந்த 5,200 ரூபாய்த் தகராறுக்காக இரண்டு ஊருணிகளின் ஜேசிபி, டிராக்டர் பில் எல்லாம் சேர்த்து 2.4 லட்சம் ரூபாய்க்கான தாள்களும், அளவுகளும், போட்டோக்களும் அவர் பையில் பத்து நாளாக இருந்திருக்கின்றன. சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. தப்பான கணக்கைக் கொடுக்கக்கூடாது என்ற பொறுப்பில்தான் வைத்திருந்தார். 'ஏன் லேட்டு' என்று கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது, 'வேலை ஜாஸ்திப்பா' என்று முடிந்திருக்கும்.

நாள் ஏன் முக்கியம் என்று சொல்லும் இடம் இதுதான்

காரணம் தெரிந்த பிறகு சொன்னால் காதில் ஏறும், அதற்கு முன் சொன்னால் மிரட்டலாகக் கேட்கும். இன்னொன்று, சட்டப் பிரிவையும் அபராதத்தையும் களப் பணியாளரிடம் ஒப்பிக்காதீர்கள். கம்பெனிக்கு அபராதம் வந்தால் அவருக்கென்ன? அந்தத் தேதி தவறினால் அவர் ஊரில், அவர் கொடுத்த வாக்குக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள். அதைக் கண்டுபிடிக்க நீங்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான் சொன்னது ஏறக்குறைய இது: 'அண்ணே, திட்டத்துக்கு மொத்தம் 12 லட்சம். இப்ப கணக்குல ஏறியிருக்கிறது 9.1 லட்சம். உங்க கையில இருக்கிற 2.4 ஏறிட்டா மிச்சம் வெறும் 50,000தான். ஏறலைன்னா 2.9 லட்சம் மிச்சம்னு கம்பெனிக்குப் போகும். வருஷக் கடைசில மிச்சம் எவ்வளவோ அத அவங்க திருப்பிக் கேப்பாங்க, ஏப்ரல் 30க்குள்ள தனிக் கணக்குல போட்டாகணும்னு அவங்களுக்குச் சட்டம் இருக்கு. அப்படிப் போயிடுச்சுன்னா ஜேசிபிக்காரருக்கும் டிராக்டர்காரங்களுக்கும் கொடுக்க நம்மகிட்ட பணம் இருக்காது. மறுபடி கேட்டு வாங்கலாம், ஆனா அதுக்கு எத்தன மாசம் ஆகும்னு சொல்ல முடியாது.'

அவர் உடனே 'அடடே, அப்ப அந்த டிராக்டர் பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது' என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னால் இந்த வசதி இருக்கிறது, நாளின் பாரம் உங்கள் குரலில் இருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நடக்காத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 'திட்டமே போயிடும்', 'உங்க வேலைக்கே ஆபத்து' என்றெல்லாம் கையிலிருக்கும் கணக்குக்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். 2.9க்கும் 0.5க்கும் உள்ள வித்தியாசமே போதுமான அளவு பெரியது.

அப்புறம் வேலையைப் பிரித்தோம். அளவு நோட்டின் பக்கங்களை அன்றிரவே போட்டோ எடுத்து அனுப்புவது. ஐந்தாவது ஊருணியில் தகராறு இல்லை, அதன் பில்களை மறுநாள் காலை அலுவலகத்துக்கு வரும் பணியாளர் கையில் கொடுத்துவிடுவது. நாலாவது ஊருணிக்கு மட்டும் ஜேசிபிக்காரரிடம் மறுநாள் உட்கார்ந்து பேசுவது, முடியாவிட்டால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட 44 மணி நேரத்துக்கு இப்போது பில் வாங்கிக்கொண்டு, மீதி நாலு மணி நேரத்தைத் தகராறில் இருப்பதாகத் தனியாக எழுதிக் கொடுப்பது. அந்த நாலு மணி நேரத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதைக் கணக்கரும் ஆடிட்டரும்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நீங்கள் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் அன்று இரவே கணக்கரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொன்றுக்கும் நேரம் கேட்டேன். 'நாளைக்குன்னா காலையிலயாண்ணே, சாயங்காலமா?' என்று கேட்டால் அதில் நெருக்கடி தெரியாது, ஆனால் பதிலில் நேரம் வந்துவிடும்.

பேசியதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்

போனை வைத்த ஐந்து நிமிடத்தில்: 'அண்ணே, பேசினது: இன்னைக்கு ராத்திரி அளவு, நாளைக்குக் காலையில அஞ்சாவது ஊருணி பில், 6 சாயங்காலம் நாலாவது ஊருணிக்கு 44 மணி நேரத்துக்காவது பில். கணக்கர்ட்ட நான் பேசிடுறேன்.' அவ்வளவுதான். உங்கள் பங்கையும் அதில் எழுதுங்கள். அவருக்கு மட்டும் வேலைப் பட்டியல் போட்டால் அது வசூல் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

திரும்பவும் நேரம் தவறினால்

அளவு அன்றிரவே வந்தது, ஐந்தாவது ஊருணியின் பில்களும் வந்தன. நாலாவது பில் 6ஆம் தேதி மதியம் வரை வரவில்லை. இரண்டாம் நினைவூட்டல் முதல் செய்தியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், மீதி இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். பழைய செய்தியை அப்படியே மறுபடி அனுப்புவதோ, அதன் மேல் ஒரு கேள்விக்குறியை மட்டும் போடுவதோ குத்திக்காட்டுவதுதான். நான் அனுப்பியது: 'அண்ணே, அளவும் அஞ்சாவது பில்லும் ஏத்தியாச்சு. நாலாவது மட்டும்தான் பாக்கி. கணக்கர் ஏழு மணி வரைக்கும் இருப்பார். ஜேசிபிக்காரர்ட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்னாலும் பேசுறேன்.'

வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய நிலை வந்தால் ஆள் பெயரைப் போடாமல் வேலையின் பெயரில் போடுங்கள். 'ஊருணி 1, 2, 3, 5 முடிந்தது. 4க்கு ஜேசிபி பில் மட்டும் பாக்கி' என்று எழுதலாம். மேலாளருக்குச் சொல்ல வேண்டியிருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: 'அண்ணே, ஆறு மணிக்கு மேடம்ட்ட நிலவரம் சொல்லணும், நாலாவது ஊருணி பில்லு மணிக்கணக்கு சரிபாக்கிறதுல இருக்குன்னு சொல்றேன், சரியா?' மேலாளரிடம் நீங்கள் சொன்னது அந்த அண்ணன் காதுக்கு வேறு யார் வழியாகவோ போகக்கூடாது. தாமதத்தை மறைக்கவும் கூடாது, ஆடிட்டரிடம் ஒரு நாள் தள்ளிக் கேட்கக்கூடியவர் மேலாளர் ஒருவர்தான், அவருக்கு முன்கூட்டித் தெரிந்தால்தான் கேட்பார்.

ஒன்றை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். வராத எண்ணை நீங்களே போடாதீர்கள். மற்ற மூன்று ஊருணிகளின் சராசரியை எடுத்து நாலாவதுக்குப் போட்டுவிடலாம் என்று கை வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அளவும் மணிக்கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியவை. எங்கள் நாலாவது ஊருணி 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டரிலிருந்து 2 மீட்டர் ஆனது. எடுத்த மண் 50 × 30 × 0.8, அதாவது 1,200 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், அப்படிப் பார்த்தால் சுமார் 424 யூனிட். 44 மணி நேரத்தில் மணிக்குச் சுமார் 27 கன மீட்டர் வருகிறது, 48 என்றால் 25. சரிபார்க்க வருகிறவர் இந்த வகுத்தலைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார். கற்பனை எண் போட்டால் மற்ற ஊருணிகளோடு இது ஒட்டாமல் தனியாகத் தெரியும், அப்போது பதில் சொல்ல வேண்டியவர் களத்தில் இருக்கும் அந்த அண்ணன்தான். காலியாக விட்டு 'அளவு சரிபார்ப்பில் உள்ளது' என்று எழுதுங்கள், அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வந்த பிறகு

பில் 6ஆம் தேதி மாலை ஆறரைக்கு வந்தது. 46 மணி நேரத்துக்கு இருவரும் சமாதானமாகியிருந்தார்கள். வந்தவுடன் திறந்து பாருங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். வேலை நடந்த தேதி மார்ச் 31க்குள் இருக்கிறதா, தொகை எழுத்திலும் எண்ணிலும் ஒன்றா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏதாவது குறை இருந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். அவசரமாக வாங்கி மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்து, அப்புறம் கையெழுத்து இல்லை என்று கூப்பிட்டால் நீங்கள் சொன்ன அவசரமெல்லாம் பொய் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

சரியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். 'கிடைச்சுது அண்ணே, கணக்குல ஏத்தியாச்சு, 10ஆம் தேதி ஆடிட்டர்ட்ட போகுது.' பத்தாம் தேதி போனதும் இன்னொரு வரி. அறிக்கை முடிந்ததும் அதன் பிரதியை அவருக்கு அனுப்புங்கள், அவர் எடுத்த அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து அனுப்புங்கள். பல வருடம் வேலை செய்தும், தாங்கள் அளந்து கொடுத்தது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தே இராத களப் பணியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஏப்ரல் கடைசியில் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கும்போது 'அடுத்த தடவை இது எங்க நிக்கும்ணே?' என்று கேட்டேன். அவர்தான் வழி சொன்னார். ஜேசிபியில் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது, தினமும் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த மீட்டரைப் போட்டோ எடுத்து ஜேசிபிக்காரருக்கும் எனக்கும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுவது என்று முடிவானது. அடுத்த வருடம் மூன்று ஊருணிகளின் மணிக்கணக்கு மார்ச் 28ஆம் தேதியே கணக்கரிடம் இருந்தது.